காய்ச்சல் வீட்டில் மாத்திரை யாருக்கு, எந்த மணிக்குள்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்தால் திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு தடுமன், இருமல், காய்ச்சல்தான். அதில் பெரும்பகுதி சாதாரணச் சளிக் கிருமிகள் செய்வது. ஒரு பகுதி இன்ஃப்ளூயன்சா. அந்த ஒரு பகுதிக்குத்தான் தனியாக ஒரு மாத்திரை இருக்கிறது. அதன் பெயர் ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ, ஃப்ளூவிர் என்ற பெயர்களில் கடையில் கிடைக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவியபோது இந்த மாத்திரையின் பெயர் நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றிய தவறான நினைப்புகள் இரண்டும் சேர்ந்தே வந்தன. காய்ச்சல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்து மாத்திரை தர வேண்டும் என்பது ஒன்று. ரத்தமும் சளியும் பரிசோதித்து முடிவு வந்த பிறகு ஆரம்பித்தால் போதும் என்பது மற்றொன்று. மாத்திரையை முடிவு செய்வது யாருக்குக் காய்ச்சல், எப்போது ஆரம்பித்தது என்ற இரண்டு கேள்விகள்தான். தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணுக்கு அதில் சின்னப் பங்குதான்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இன்ஃப்ளூயன்சா கிருமி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உட்தோலில் இருக்கும் செல்லுக்குள் நுழைந்து தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கிறது. புதிதாகப் பிறந்த கிருமிகள் செல்லின் வெளிப்புறத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை அறுத்து விடுவதற்கு நியூராமினிடேஸ் என்ற ஒரு நொதியைக் கிருமியே வைத்திருக்கிறது. அது கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்கிறது. ஒசெல்டாமிவிர் அந்தக் கத்தரிக்கோலின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். அறுபடாத கிருமி அடுத்த செல்லுக்குப் போக முடியாது. ஆக, இந்த மருந்து கிருமியைக் கொல்வதில்லை, பரவலை நிறுத்துகிறது. கிருமியின் பெருக்கம் உச்சத்தைத் தொடுவது அறிகுறி தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாளில்தான். அதன் பிறகு எண்ணிக்கை தானாகவே இறங்க ஆரம்பித்துவிடும். மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆரம்பிக்கிற மாத்திரைக்குத் தடுத்து நிறுத்த வேண்டிய பரவல் அதிகம் மிச்சம் இருக்காது.

அதனால்தான் 48 மணி நேரம் என்ற வரம்பு. ஆனால் 47 மணி வரை முழுப் பலன், 49-இல் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 48 மணிக்குள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், காய்ச்சல் தொடங்கி 12 மணிக்குள் மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு, 48-ஆவது மணியில் ஆரம்பித்தவர்களைவிட நோய் ஏறத்தாழ மூன்று நாள் முன்னதாகவே விட்டது. "நாளைக்கும் இருந்தா டாக்டர்ட்ட காட்டலாம்" என்று ஒருநாள் தள்ளிப்போடுவதன் விலை அதுதான்.

மணியை எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. காய்ச்சல் 101-ஐத் தொட்ட நேரத்திலிருந்து அல்ல. உடம்பு வலி, குளிர், தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், இவற்றில் முதலாவது தெரிந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். இன்ஃப்ளூயன்சாவுக்கு ஒரு வசதி உண்டு. சாதாரணத் தடுமன் மெல்ல மெல்ல ஏறும். இது திடீரென்று அடிக்கும். "சாயங்காலம் டியூஷன் விட்டு வரும்போது நல்லாத்தான் இருந்தான், எட்டு மணிக்குச் சுருண்டு படுத்துட்டான்" என்று அம்மாக்கள் மணியோடு சொல்லும் நோய் இது. அந்த மணியைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது நல்லது.

இனி யாருக்கு என்ற கேள்வி. மத்திய சுகாதார அமைச்சகம் காய்ச்சல்காரர்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி மட்டும் என்றால் ஏ. அவர்களுக்கு இந்த மாத்திரையும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். ஓய்வு, பாராசிட்டமால், கஞ்சி, ஒன்றிரண்டு நாள் கண்காணிப்பு, அவ்வளவுதான். கடும் காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் சேர்ந்தால் அது பி-யின் முதல் பிரிவு. அங்கே மாத்திரை தேவைப்படலாம், மருத்துவர் முடிவு செய்வார். பி-யின் இரண்டாம் பிரிவைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் லேசாக இருந்தாலும் ஆளைப் பார்த்து மாத்திரை தர வேண்டியவர்கள் இதில் வருகிறார்கள். கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை உள்ளவர்கள், ஆஸ்துமாவோ நாள்பட்ட சளி இழுப்போ உள்ளவர்கள், இதயம், சிறுநீரகம், கல்லீரல் கெட்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள். இந்தப் பிரிவில் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று வழிகாட்டுதலே சொல்கிறது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் போன்ற தூக்கம், ரத்தம் கலந்த சளி, நகம் நீலம் பாய்தல் என்று ஏதாவது வந்துவிட்டால் அது சி. உடனே மருத்துவமனை. அங்கே சளி மாதிரி எடுப்பார்கள், ஆனால் முடிவு வருமுன்பே மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள்.

பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. மூக்கில் குச்சி விட்டு எடுத்து கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் விரைவுக் கிட்டுகள் இன்ஃப்ளூயன்சா உள்ள பலரையும் 'இல்லை' என்று காட்டிவிடும். அதில் நெகட்டிவ் என்பதை நம்பிச் சர்க்கரைக்கார ஆச்சிக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாது. பி.சி.ஆர். பரிசோதனை நம்பகமானது. ஆனால் மாதிரி போய் முடிவு வருவதற்குள் அருமையான மணிகள் போய்விடும்.

இதோடு இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பெரியவருக்கு இந்த மாத்திரை தரும் லாபம் சிறியது. 2014-இல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தபோது, நோய் ஏறத்தாழ 17 மணி நேரம் குறைகிறது என்றுதான் வந்தது. பதிலுக்குச் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. தீவிரமில்லாத இன்ஃப்ளூயன்சாவுக்கு ஒசெல்டாமிவிர் வேண்டாம், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பலோக்சாவிர் என்ற ஒற்றை வேளை மாத்திரையைத் தரலாம், நோய் தீவிரமானால் ஒசெல்டாமிவிர் தரலாம் என்றது. இந்திய வழிகாட்டுதலும் அமெரிக்க வழிகாட்டுதலும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஒசெல்டாமிவிரையே சொல்கின்றன. நிபுணர்களுக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. என் கருத்து இதுதான்: கட்டுமஸ்தான இளவட்டத்துக்கு மாத்திரை இல்லாமலே நோய் போய்விடும். அவர்களை விட்டுவிடலாம். ஆச்சிக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அப்படி விட மனம் வரக்கூடாது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பன்றிக் காய்ச்சல் நோயாளிகளைப் பல நாடுகளில் திரட்டிப் பார்த்தபோது, இரண்டு நாளுக்குள் மருந்து தொடங்கியவர்களிடையே இறப்பு, தாமதமாகத் தொடங்கியவர்களிடையே இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஆளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய காரணம் அதில் இருக்கிறது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியது. எட்டு வயதுப் பையன், எடை 24 கிலோ. அவன் ஒன்றரை வயதுத் தங்கச்சி. அம்மா, அப்பா. அம்மாவைப் பெற்ற ஆச்சி, வயது 67, எடை 50 கிலோ, பல வருடம் பீடி சுற்றியவள், சர்க்கரையும் சளி இழுப்பும் உண்டு. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணிச் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பையனுக்குக் குளிர் எடுத்து உடம்பு அனலாகிறது. வகுப்பில் ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். அவன் தூங்குவது ஆச்சியோடு, ஒரே ஃபேன் காற்றில். இன்ஃப்ளூயன்சா உள்ளவர் அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவார். அப்படிப் பார்த்தால் ஆச்சிக்கும் சித்திக்கும் தொற்றும் வாய்ப்பு சனிக்கிழமை இரவிலேயே தொடங்கிவிட்டது. ஆக இந்த வீட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. பையனின் மணி ஞாயிறு இரவு எட்டிலிருந்து. கூட இருப்பவர்களின் மணி அதற்கும் ஒருநாள் முன்னாலிருந்து.

திங்கள் காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் போகிறார்கள். பையனுக்கு 14 மணி நேரம் ஆகியிருக்கிறது. அவன் ஆரோக்கியமான பிள்ளை. தனியாக இருந்தால் மாத்திரை இல்லாமலே அனுப்பியிருக்கலாம். ஆனால் மருத்துவர் "வீட்ல யார் யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். ஆபத்து உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், சீக்கிரமே வந்துவிட்ட ஆரோக்கியமானவருக்கும் மாத்திரை தருவதை யோசிக்கலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதலில் இருக்கிறது. நோயாளி மாத்திரை சாப்பிட்டால் வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுவது எவ்வளவு குறையும் என்பதற்குத் தெளிவான விடை பலோக்சாவிரில்தான் கிடைத்தது. 2025-இல் வெளியான ஆய்வில், முதல் நோயாளி அந்த ஒற்றை வேளை மருந்தை இரண்டு நாளுக்குள் எடுத்துக்கொண்ட வீடுகளில் தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. குறைந்தது, நின்றுவிடவில்லை. எனவே பையனுக்கு மருந்து கொடுத்ததால் ஆச்சி தப்பித்துவிட்டாள் என்று நினைக்க முடியாது.

பையனின் எடைக்கு 60 மில்லிகிராம், காலை இரவு இரண்டு வேளை, ஐந்து நாள். இந்த மருந்து 30, 45, 75 என்ற அளவுகளில் கேப்சூலாக வரும். எனவே அவனுக்கு 30-இல் இரண்டு ஒரு வேளைக்கு, ஐந்து நாளுக்கு 20. கேப்சூலை விழுங்காத பிள்ளைக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டு, திறந்து தேனிலோ சர்க்கரைப் பாகிலோ கலந்து முழுவதையும் கொடுக்கலாம். சிரப்பும் உண்டு. சிரப்பில் ஒரு கவனம் வேண்டும். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறலாம். "அரை ஸ்பூன்" என்று கேட்டு வராமல், இந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று கேட்டு, மருந்தோடு வரும் அளவு சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். வயிற்றில் கொஞ்சம் கஞ்சியோ இட்லியோ இருந்தால் குமட்டல் குறையும்.

அடுத்து ஆச்சியும் சித்தியும். இருவருக்கும் அறிகுறி இல்லை. தொற்று ஆரம்பித்திருக்கக்கூடிய சனி இரவிலிருந்து கணக்குப் போட்டால் திங்கள் காலையில் 48 மணி ஆகவில்லை. இருவரும் ஆபத்து வட்டத்தில் இருக்கிறார்கள். தடுப்புக்காக மாத்திரை கொடுப்பது பொருந்தும் இடம் இதுதான். சிகிச்சைக்கு இரண்டு வேளை என்றால் தடுப்புக்கு ஒரு வேளை. எத்தனை நாள் என்பதில் கடைசித் தொடர்புக்குப் பின் 7 நாள் என்று அமெரிக்கர்கள் வைக்கிறார்கள், மருந்தின் சொந்தக் குறிப்பில் 10 நாள். 2001-இல் வெளியான ஒரு வீட்டு ஆய்வில், 48 மணிக்குள் ஆரம்பித்த தடுப்பு மாத்திரை, உறுதியான நோயாளி உள்ள வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவதை ஏறத்தாழ 90 சதவீதம் குறைத்தது. 48 மணி கடந்துவிட்டால் தடுப்புக்காகத் தொடங்குவது வழக்கமில்லை. அப்போது செய்ய வேண்டியது, அறிகுறி தெரிந்த அன்றே சிகிச்சையைத் தொடங்கக் காத்திருப்பது. எல்லா வீட்டிலும் எல்லாருக்கும் தடுப்பு மாத்திரை என்று கொடுப்பதும் இல்லை. ஆரோக்கியமான அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதில் வேலை இல்லை.

சித்திக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில், இந்த வகை மருந்துகளில் அதிகப் பழக்கம் உள்ளது ஒசெல்டாமிவிர்தான். வயிற்றுப் பிள்ளைக்குப் பயந்து ஒதுக்குவதைவிட, காய்ச்சலை வரவிடுவதில்தான் பயம் அதிகம். பலோக்சாவிரைக் கர்ப்பிணிகளுக்குச் சொல்வதில்லை. பிரசவமான முதல் இரண்டு வாரமும் ஆபத்து வட்டத்தில்தான் சேரும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் ஒசெல்டாமிவிர் சாப்பிடலாம்.

ஆச்சிக்கு மட்டும் ஒரு கணக்கு கூடுதல். ஒசெல்டாமிவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆச்சியின் கிரியாட்டினின் 1.3. பார்க்கப் பெரிதாகத் தோன்றாது. பலர் 'நார்மலுக்குப் பக்கம்' என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வயது 67, எடை 50, பெண் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவளுடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு 33 மில்லிதான் வடிக்கிறது என்று வருகிறது. 60-க்குக் கீழே போனாலே அளவைக் குறைக்க வேண்டும். எனவே ஆச்சிக்குத் தடுப்புக்கு 75 இல்லை, 30. சிகிச்சை தேவைப்பட்டாலும் 30 மில்லிகிராம் இரண்டு வேளைதான். சர்க்கரைக்காரர்களை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு கொண்டு போனால் இந்தக் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தாள் இல்லையென்றால் முழு அளவு எழுதிவிட வாய்ப்பு உண்டு.

பையன் அன்று இரவிலிருந்து வேறு அறையில், ஜன்னல் திறந்து, அம்மாவோடு. ஆச்சியும் சித்தியும் அவன் பக்கம் போகும்போது முகக்கவசம். இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் தடுப்பு மாத்திரை தனியாக நின்று எல்லாவற்றையும் செய்துவிடாது.

செவ்வாய் சாயங்காலம் அப்பாவுக்குக் காய்ச்சல். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், ஒருநாள் படுத்தால் ஒருநாள் வரும்படி போகும். இந்த இடத்தில்தான் வீடுகள் வழக்கமாகத் தடம் மாறுகின்றன. அலமாரியில் சித்தியின் 75 மில்லிகிராம் அட்டை இருக்கிறது, பத்து கேப்சூல், ஒன்றிரண்டுதான் தீர்ந்திருக்கிறது. அப்பா அதிலிருந்து இரவு ஒன்று, காலையில் ஒன்று என்று போட்டுக்கொள்கிறார். மூன்றாவது வேளைக்குள் உடம்பு லேசானதும் விட்டுவிடுகிறார். இரண்டு தப்பு நடந்துவிட்டது. பத்து கேப்சூல் என்பது ஒரு பெரியவரின் ஐந்து நாள் சிகிச்சைக்குச் சரியான எண்ணிக்கை. அதைப் பங்கு போட்டால் சித்தியின் தடுப்பு பாதியில் அறுந்துபோகும், அப்பாவின் சிகிச்சையும் முழுமையாகாது. இரண்டாவது, அரைகுறை அளவில் மருந்தைச் சந்திக்கும் கிருமியில் மருந்துக்கு மடங்காத வகை தலைதூக்க வாய்ப்பு கூடும். 2008-09 பருவத்தில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த ஒரு எச்1என்1 வகை ஏறத்தாழ முழுக்க ஒசெல்டாமிவிருக்கு மடங்காததாக மாறிப்போனது. அந்த மாற்றம் மருந்தைப் பயன்படுத்தியதால் வந்ததாகத் தெரியவில்லை என்றாலும், வாய்ப்பை நாமாகக் கொடுக்க வேண்டாம். அப்பாவுக்கு வந்தது ஏ வகைக் காய்ச்சல். பாராசிட்டமாலும் இரண்டு நாள் படுக்கையும் போதும். மாத்திரை தேவை என்று மருத்துவர் கருதினால் அவருக்கென்று தனிச் சீட்டில் முழு ஐந்து நாளுக்கு வாங்க வேண்டும்.

அப்பா போன்றவர்கள் அதிகம் நாடுவது ஊசி. "ஒரு ஊசி போட்டுட்டு வேலைக்குப் போறேன்" என்று போய் நிற்பார்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது வலி மருந்துதான், இன்ஃப்ளூயன்சாவுக்கு அதில் எதுவும் இல்லை. சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடுகிறது. காய்ச்சல் ஒருநாள் அடங்கும், அந்த ஒருநாளில் 48 மணியில் 24 போய்விடும். மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இதே மாதங்களில்தான் டெங்கு. டெங்கு இல்லை என்று தெரியாமல் டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் போன்றவற்றைப் போடக் கூடாது. ரத்தக்கசிவு கூடும். இருமலோ தொண்டை வலியோ இல்லாமல் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புத் திட்டு என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். தோட்டம் காட்டில் வேலை செய்கிறவருக்கு உடம்பில் எங்காவது கருப்புப் பொருக்குத் தட்டிய புண் இருந்தால் உண்ணிக் காய்ச்சல். அதற்கு மருந்தே வேறு. காய்ச்சலோடு இருமலும் வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளியும் இருப்பதுதான் இன்ஃப்ளூயன்சாவை நினைக்க வைக்கும் இரண்டு விஷயங்கள்.

புதன் காலை ஆச்சி. காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்த அம்மாவுக்கு நெற்றி சில்லென்றுதான் இருக்கிறது. இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, சளி கெட்டியாகியிருக்கிறது. வழக்கமாக ஐந்து மணிக்கு எழுந்து கருப்பட்டிக் காப்பி போடுகிறவள் எட்டு மணிக்கும் கட்டிலிலேயே. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லட்டி, எப்பவும் வர்ற இழுப்புதான்" என்கிறாள். இந்த வாக்கியத்தை நம்பித்தான் பல வீடுகளில் இரண்டு நாள் கடந்துபோகிறது. வயதானவர்களுக்கு இன்ஃப்ளூயன்சாவில் காய்ச்சலே ஏறாமல் போகலாம். சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, பழைய இழுப்பு கூடுதல், சர்க்கரை திடீரென்று ஏறுதல், பேச்சில் லேசான தடுமாற்றம், இவைதான் அவர்களின் அறிகுறிகள். வீட்டில் ஒருவருக்கு நோய் இருக்கும்போது ஆச்சியின் நடத்தையில் எந்த மாற்றத்தையும் தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆச்சி ஏற்கெனவே தடுப்பு மாத்திரையில் இருக்கிறாளே என்று அமைதியாக இருக்கக் கூடாது. தடுப்பையும் தாண்டி நோய் வரலாம். வந்துவிட்டால் தடுப்பு அளவைத் தொடர்வது தப்பு. அன்றே மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை அளவுக்கு, அவள் விஷயத்தில் 30 மில்லிகிராம் இரண்டு வேளைக்கு, மாற்ற வேண்டும். முன்பே சொன்ன மடங்காத கிருமி பிறக்கும் ஆபத்து இங்கேதான் அதிகம். நோயும் இருந்து மருந்தும் பாதியளவில் இருக்கிற நிலை அது.

ஆச்சியின் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால் 91 காட்டுகிறது. போன மாதம் மருத்துவரிடம் பார்த்தபோது 95. நாள்பட்ட இழுப்புக்காரர்களுக்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணை வைத்துப் பார்ப்பதைவிட, அவர்களுடைய வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நல்லா இருக்கும்போதே ஒருமுறை எடுத்துக் குறித்து வைப்பது அதற்குத்தான். இது வீட்டில் பார்க்கும் நிலை இல்லை. 108-ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஒருவேளை இந்த வீட்டில் மூன்று நாளைக் கோட்டைவிட்டு ஐந்தாம் நாள் கொண்டு போயிருந்தாலும், "48 மணி தாண்டிடுச்சு" என்று மாத்திரையை விடமாட்டார்கள். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கும் ஆபத்து வட்டத்தில் உள்ளவர்களுக்கும் தாமதமானாலும் தருவதுதான் நடைமுறை. வீட்டில் படுத்திருக்கும் ஆரோக்கியமானவருக்கு மட்டுமே 48 மணி கறாரான வரம்பு.

தங்கச்சியை மறந்துவிடக் கூடாது. ஒன்றரை வயது என்பதே ஆபத்துப் பட்டியலில் ஒரு காரணம். அவளுக்கு இப்போது அறிகுறி இல்லை. தடுப்பு மாத்திரை வேண்டுமா, பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பது மருத்துவர் முடிவு. பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவானால் அதைக் கவனமாகச் செய்ய வேண்டும். காய்ச்சல் தெரிந்த அன்றே கொண்டு போக வேண்டும். பால் குடிக்க மறுப்பது, விலா உள்வாங்கி மூச்சு விடுவது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கு இரவே. பத்து கிலோ எடைக்குச் சிகிச்சை அளவு 30 மில்லிகிராம் இரண்டு வேளை. எந்தக் குழந்தைக்கும் இந்தக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய, கடுமையான சிக்கல் ஒன்று அதனால் வருவது தெரிந்த விஷயம். மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளில் எப்போதாவது ஒருவர் பிதற்றுவதும் குழம்பி நடந்துகொள்வதும் உண்டு. காய்ச்சலாலும் அப்படி வரலாம். எதனால் என்று வீட்டில் ஆராயாமல், முதல் ஒன்றிரண்டு இரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாமல், வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பையன் புதன் மாலைக்குள் தேறிவிடுகிறான். காய்ச்சல் இல்லை, விளையாடக் கேட்கிறான். மாத்திரை மட்டும் வெள்ளிக்கிழமை வரை மிச்சம் இருக்கிறது. அதை முடிக்க வேண்டும். பாராசிட்டமால் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். ஒருமுறை விட்ட காய்ச்சல் இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி ஏறினாலும், சளி மஞ்சளாகி நெஞ்சு வலித்தாலும், அது இன்ஃப்ளூயன்சா திரும்பி வந்ததாக இருக்காது. அதன் பின்னால் வந்து சேர்ந்த பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக்குக்கு உண்மையான வேலை இருப்பது அங்கேதான். முதல் நாளிலேயே அசித்ரோமைசின் வாங்கிப் போட்டால் அந்த நிமோனியாவைத் தடுக்காது, ஒசெல்டாமிவிருக்குப் பதிலாகவும் ஆகாது.